கேட் மோட்டார் உறுமுகிறது, நகரவில்லை

செங்கோட்டையில் வீடு. ஸ்லைடிங் கேட் மோட்டார் உர்ர்னு சத்தம் மட்டும் போடுது, கேட் நகரலை. லிமிட் சுவிட்சா?

அதுவாக இருக்காது. கேட் எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்துவதுதான் லிமிட் சுவிட்ச்; அது தடுத்திருந்தால் மோட்டாருக்குக் கரண்டே போகாது, சத்தமும் வராது.

மெயினை அணைத்து, சாவியால் கிளட்சை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். முக்கித் தள்ள வேண்டியிருந்தால் தண்டவாளத்தில்தான் கோளாறு; சாரல் காலத்தில் மண்ணும் சரளையும் சேர்ந்து இறுகிவிடும். லேசாக ஓடினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில்தான் கோளாறு. எங்கள் வீட்டில் அதன் மேல் 12 மைக்ரோஃபாரட் என்று இருந்தது, மீட்டரில் 5தான் காட்டியது. உப்பவும் இல்லை, பார்த்தால் புதுசு மாதிரி! அதே அளவில், 450 வோல்ட்டில் வேறொன்று போட்டதும் ஓடியது. கழற்றும் முன் அதில் தங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிடுங்கள். சரிசெய்யும் வரை ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், காயில் கருகிவிடும்.