வெக்கைக் காலத்தில் பிரஷர், சீனிக் குளிசைகளை நிறுத்தலாமா?

"அப்பாவுக்கு வயது 68. பிரஷருக்கு லோசாட்டன், எச்.சி.டி., சீனிக்கு மெட்போமின் எடுக்கிறார். இந்த வெக்கைக்கு வேர்த்துக் கொட்டுகிறது, சலம் மஞ்சளாகப் போகிறது. மெட்போமின் கிட்னியைப் பழுதாக்கும் என்று வட்சப்பில் வந்ததால் பயமாயிருக்கிறது. வெயில் தணியும்வரை எல்லாவற்றையும் நிறுத்தவா?"
- வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம். மெட்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. வட்சப்பை நம்பி மருந்தை விட்டால் சீனியும் பிரஷரும் ஏறும், அதுதான் சிறுநீரகத்தை அரிக்கும். காலையில் சலம் மஞ்சளாக இருந்து, தண்ணீர் குடித்ததும் தெளிந்தால் கவலை இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டிய நாள் வேறு. அப்பாவுக்கு வயிற்றோட்டமோ சத்தியோ வந்து, குடிப்பது தங்காமல் போகும் நாள் அது. காலையில் நாலைந்து தரம் தண்ணீராகப் போயிருக்கிறது, சாப்பாடு இல்லை, மத்தியானம்வரை சலம் ஒருதரம்தான், அதுவும் கடும் நிறத்தில் கொஞ்சம், எழும்பினால் தலை சுற்றுகிறது என்று வையுங்கள். அந்த நிலையிலும் எச்.சி.டி. உடம்பில் மிஞ்சிய உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். நீர் குறையும்போது சிறுநீரகம் தன் வடிகட்டும் அழுத்தத்தைத் தானே பிடித்துவைக்கும். லோசாட்டன் அதற்கு விடாது. மெட்போமின் உடம்பை விட்டுப் போவது சலத்தோடு மட்டும்தான். சிறுநீரகம் தளர்ந்தால் அது தேங்கி, இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடலாம்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் ஐந்து நிமிடம் இருத்தி ஒருதரம், எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளந்து பாருங்கள். எழும்பியதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் நீர் வற்றியிருக்கலாம். அடுத்த வேளைக் குளிசைக்கு முன்பே, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் கேளுங்கள்: "இந்த மூன்றையும் இன்றைக்கு நிறுத்தவா, எப்போது திரும்பத் தொடங்க?" வழமையாக, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கச் சொல்வோம். கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கவும் சொல்லலாம். கொப்பியில் அட்டெனொலோல், பிசோபுரோலோல், இன்சுலின் இருந்தால் அவற்றைத் திடீரென நீங்களாக விடக்கூடாது. இதயம் பலவீனம் என்று லாசிக்ஸ் எடுப்பவர்களும் கேட்காமல் விடக்கூடாது.

அதுவரை ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, வாய் வாயாகக் கொடுங்கள். சீனி வருத்தக்காரருக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம், அதிலுள்ள சீனிதான் உப்பைக் குடலிலிருந்து இரத்தத்துக்குள் இழுக்கிறது. செவ்விளநீர் அதற்கு ஈடாகாது. லோசாட்டனோடு அதை நிறையக் குடித்தால் பொட்டாசியம் ஏறும்.

உடம்பு நோவென்று பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையே குறைக்கும். கொழும்பில் காய்ச்சலும் சேர்ந்தால் டெங்காகவும் இருக்கலாம், அப்போது இரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். பனடோல் போதும்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, அரை நாளாகச் சலமே போகாவிட்டாலோ போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.