நாளைய மழையும் நூற்றாண்டின் வெப்பமும்

அன்புள்ள ஐயா,

2023 டிசம்பர் 17 அன்று எங்கள் பக்கம் மழை எச்சரிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னால் சொல்ல முடியாதபோது, 2100இல் உலகம் இத்தனை டிகிரி சூடாகும் என்று மட்டும் எப்படிச் சொல்கிறார்கள்? 2050இல் எங்கள் மாவட்டத்தில் மழை எத்தனை சதவீதம் கூடும் என்று ஒரு நாளிதழ் வண்ண வரைபடமே போட்டிருந்தது. அதை நம்பி எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி முடிவெடுக்கலாமா?

ஒரு வாசகர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உலகின் வெப்பம் பற்றிச் சொல்வதை நம்பலாம். மாவட்ட வரைபடத்தின் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. இரண்டும் ஒரே கணினி மாதிரிகளிலிருந்துதான் வருகின்றன. அப்படியிருந்தும் ஒன்றுக்கு இருக்கும் உறுதி மற்றொன்றுக்கு ஏன் இல்லை என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் அந்த டிசம்பர் இரவு. குமரிக்கடல் பகுதியில் ஒரு மேலடுக்குச் சுழற்சி இருந்தது, அது தென் மாவட்டங்களுக்குக் கனமழை தரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியக்கூடியவை. ஆனால் ஓராண்டு முழுவதும் உங்கள் மாவட்டத்தில் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் ஓர் ஊரில் பெய்ய வேண்டுமானால், மழை மேகங்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்ப உருவாக வேண்டும். அவை சில பத்து கிலோமீட்டர் தள்ளி உருவானால் மழை கடலில் விழும், அல்லது வேறு ஊரில் விழும். அதைத் தீர்மானிப்பவை காற்றின் வேகத்திலும் ஈரத்திலும் உள்ள மிகச் சிறிய வேறுபாடுகள். எந்தக் கருவி வலைப்பின்னலும் அவற்றை முழுமையாக அளப்பதில்லை.

இந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு பெரிதாகும் என்பதை 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் கண்டார். தன் கணினியில் ஓடிய ஒரு எளிய வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக, தாளில் அச்சாகியிருந்த 0.506 என்பதை உள்ளிட்டார். சிறிது காலம் பழைய பாதையிலேயே போன கணக்கு, மெல்ல விலகி, கடைசியில் பழையதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வானிலையைக் காட்டியது. இன்றைய நிலையைப் பற்றிய நம் அறிவில் எப்போதும் இப்படியொரு குறை இருக்கும். அதனால்தான் எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு அப்பால் குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல முடியாது என்று கருதுகிறார்கள்.

காலநிலை மாதிரிகளும் காற்று, வெப்பம், ஈரம் பற்றிய அதே சமன்பாடுகளைத்தான் தீர்க்கின்றன. அவற்றுக்குள்ளும் புயல் உருவாகிறது, மழை பெய்கிறது. ஆரம்பத்தில் ஒரு புள்ளியை லேசாக மாற்றி மறுபடி ஓட்டினால் எந்தப் புயலும் பழைய தேதியில் வராது. லோரன்ஸ் கண்ட அதே விஷயம்தான். ஆனால் இரண்டு ஓட்டங்களிலும் 30 ஆண்டுச் சராசரியை எடுத்துப் பார்த்தால், உலக அளவில் அவை நெருங்கி நிற்கும். காலநிலை என்று நாம் சொல்வது இந்த நீண்டகாலச் சராசரியையும், வானிலை அதைச் சுற்றி எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பதையும்தான். அடுத்த மே 14ஆம் தேதி வேலூரில் எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியாது. ஆனால் மே மாதம் டிசம்பரைவிடச் சூடாக இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அது இன்றைய காற்றைப் பொறுத்ததல்ல. வெயில் எவ்வளவு விழுகிறது என்பதைப் பொறுத்தது. பூமிக்கு வந்து சேரும் ஆற்றலும் வெளியேறும் ஆற்றலும் மாறினால் சராசரி மாறும். காலநிலை மாதிரியின் பலம் அந்த வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.

நடந்த ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்க்காமல் இதை ஏற்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான சோதனை 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது நடந்தது. ஏறத்தாழ 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு, மழை மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலத்துக்குப் போனது. அங்கே அது கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறி உலகைச் சுற்றிப் பரவி, வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. மழை அங்கே பெய்யாததால் துளிகள் உடனே கழுவப்படவில்லை. ஓரிரு ஆண்டுகள் தங்கின.

நாசாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹான்சனும் அவரது குழுவினரும் இந்தத் துளிகளின் மதிப்பிட்ட அளவைத் தங்கள் மாதிரியில் இட்டு ஓட்டி, முடிவை 1992 ஜனவரியில் வெளியிட்டார்கள். விளைவு முழுதாகத் தெரியும் முன்பே வெளியானது என்பதுதான் இதில் முக்கியம். உலகச் சராசரி சுமார் அரை டிகிரி குறையும், 1992இன் பிற்பகுதியில் குளிர்ச்சி உச்சத்தைத் தொடும், பிறகு 1990களின் பிற்பகுதியில் மீண்டும் வெப்பச் சாதனைகள் வரும் என்றார்கள். அப்படியே நடந்தது. குறைவு ஏறத்தாழ அரை டிகிரி. பிறகு 1998 அதுவரை பதிவானவற்றில் மிகச் சூடான ஆண்டாக முடிந்தது.

இதன் உள்ளே இன்னொரு சோதனையும் இருந்தது. எனக்கு முன்னதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. காற்று சூடானால் அதிக நீராவியைத் தாங்கும். நீராவியே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு என்பதால், சூடு இன்னும் கூடும். வருங்கால வெப்பமாதலில் ஒரு பெரிய பங்கு இந்தச் சுழலிலிருந்துதான் வருகிறது. ஆகவே மாதிரிகள் இதை மிகைப்படுத்துகின்றனவா என்ற கேள்வி நியாயமானது. பினாட்டுபோவுக்குப் பின் உலகம் குளிர்ந்தபோது அதே சுழல் எதிர்த்திசையில் ஓட வேண்டும். செயற்கைக்கோள் அளவீடுகள் வளிமண்டலத்தில் நீராவி குறைந்ததைக் காட்டின. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, மாதிரியில் நீராவியின் இந்த விளைவை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தது. அப்போது கிடைத்த குளிர்ச்சி, உண்மையில் நடந்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. விளைவைச் சேர்த்தபோது கணக்கு பொருந்தியது.

அதே பினாட்டுபோ, மாதிரியின் எல்லைகளையும் காட்டுகிறது. எரிமலை வெடிக்கப்போகிறது என்று எந்தக் காலநிலை மாதிரியும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ‘இவ்வளவு துளிகள் மேலே போனால், இவ்வளவு குளிரும்’ என்பதுதான் அது சொன்னது. அடுத்து, உலகம் மொத்தமாகக் குளிரத் தொடங்கியிருந்த அதே 1991-92 குளிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் வழக்கத்தைவிட வெப்பம் அதிகமாக இருந்தது. அது எரிமலையால் காற்றோட்டம் மாறியதன் விளைவா, அந்த ஆண்டின் தற்செயலா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். உலகச் சராசரியைச் சரியாகப் பிடித்த முறையே ஒரு பகுதியின் ஒரு பருவம் என்று வரும்போது தடுமாறியது.

2100க்கான எண்களையும் இதே வடிவில்தான் படிக்க வேண்டும். மனிதர்கள் இவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரித்தால் இவ்வளவு சூடாகும் என்று அவை சொல்கின்றன. எவ்வளவு எரிப்போம் என்பதை எந்த மாதிரியும் சொல்வதில்லை. அது முடிவான பிறகும் ஒரு வீச்சு மிஞ்சும். காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் காலப்போக்கில் உலகம் எவ்வளவு சூடாகும் என்பதற்கு 1979இல் ஓர் அமெரிக்க அறிஞர் குழு தந்த விடை 1.5 முதல் 4.5 டிகிரி. 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி தந்த விடை, பெரும்பாலும் 2.5 முதல் 4 டிகிரி. நாற்பது ஆண்டுகளில் இவ்வளவுதான் சுருங்கியிருக்கிறது. முக்கியத் தடை மேகம். கடலின் மேல் தாழ்வாகப் படர்ந்திருக்கும் மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. சூடு கூடும்போது அவை எவ்வளவு கலையும் என்பதில் மாதிரிகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன.

மேகம் ஏன் இவ்வளவு சிரமம் என்பது உங்கள் வரைபடத்துக்கும் விடை. உலகம் முழுவதற்குமான மாதிரிகள் பூமியைச் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பலவற்றில் ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். அப்படியானால் மாநிலம் முழுவதும் 13 சதுரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அந்தச் சதுரங்களுக்குள் சராசரியாகி, ஒரு மெல்லிய மேடாகிவிடுகிறது. ஒரு மழை மேகம் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி. அதைக் கணக்கிட முடியாது, விதிமுறைகளைக் கொண்டு ஊகித்துத்தான் சேர்க்க முடியும். நுணுக்கமான வரைபடம் வேண்டும்போது சிறிய பகுதிக்கு நெருக்கமான சதுரங்களோடு இன்னொரு மாதிரியை ஓட்டுவார்கள். மலையின் வடிவம் அதனால் தெளிவாகும். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்றும் வங்கக் கடலின் தாழ்வு மண்டலங்களும் எந்தப் பக்கம் நகரும் என்ற தகவல் பெரிய மாதிரியிலிருந்துதான் வருகிறது. அதில் பிழை இருந்தால் அதே பிழை நுணுக்கமாக வரையப்படும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே உலகெங்கும் பெருமழைகள் இன்னும் கனக்கும். ஆனால் குறிப்பிட்ட இடத்தில் நடந்த ஒரு மழைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த ஒருநாள் மழையை ஐரோப்பிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து மாதிரிகளையும் பழைய மழைப் பதிவுகளையும் கொண்டு ஆராய்ந்தார்கள். புவி வெப்பமாதலின் தடம் எதுவும் அந்த மழையில் தென்படவில்லை. காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலைக் குறைத்து, இதுவரை அந்த விளைவை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த காரணம். அது உண்மையானால், காற்றைச் சுத்தம் செய்யும்போது மறைந்திருப்பது வெளியே வரும்.

இனி குளம். அந்த நாளிதழ் வரைபடத்தில் ஒரே ஒரு சதவீதம் போட்டிருந்தால் அது பல மாதிரிகளின் சராசரியாக இருக்கும். சராசரிக்குப் பின்னால் மழை குறையும் என்று சொல்லும் மாதிரிகளும் நிறையக் கூடும் என்று சொல்பவையும் ஒளிந்திருக்கலாம். எத்தனை மாதிரிகள், அவற்றின் மேல் எல்லை கீழ் எல்லை என்ன, எவ்வளவு எரிப்போம் என்று வைத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அவை இல்லாத வரைபடத்தை ஒதுக்கிவிடலாம். அவை கிடைத்தால் நடுவில் உள்ள எண்ணை விட்டுவிட்டு இரண்டு எல்லைகளையும் பயன்படுத்துங்கள். கரையின் உயரத்தையும் மறுகாலின் அகலத்தையும் மேல் எல்லைக்குப் பாருங்கள், 2023இல் உங்கள் குளத்துக்கு வந்த வெள்ளத்தின் உயரத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூர்வாரி எவ்வளவு நீர் தேக்க வேண்டும் என்பதைக் கீழ் எல்லைக்குப் பாருங்கள்.