ஆங்கிலத்தில் கேட்டவருக்கு எந்த மொழியில் பதில்? பழைய பத்திரம் படிப்பவருடன் ஒரு கேள்வி பதில்

பினாங்கு வாசகர் (ஆங்கிலத்தில் கேட்டது): தாத்தாவின் நிலப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்றைக்கு எழுதியது, எவ்வளவு நிலம்? எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

உங்களுக்குரிய பதில் ஆங்கிலத்தில் தனியாக வந்து சேரும் ஐயா. இதே மாதிரி கேள்விகளுக்குப் பதில் எழுத உட்காருகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால், அதை எப்படி அமைத்தேன் என்று அவர்களுக்காகச் சொல்கிறேன்.

தேதி வரி இது: ‘தாது ௵ தை ௴ ௰௨ ௳ திங்கட்கிழமை’. முதலில் இதை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்தேன். அடுத்து, வாய்விட்டுப் படிக்கிற மாதிரி ரோமன் எழுத்தில்: ‘Thaathu varusham, Thai maatham, pannirandaam thethi’, அதாவது தாது வருஷம், தை மாதம், பன்னிரண்டாம் தேதி. அவருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும். ஆகவே இந்த இரண்டாவது வரியைப் படித்ததுமே பாதி விஷயம் அவருக்கே பிடிபட்டுவிடும். தமிழே தெரியாதவர் என்றால் ரோமன் எழுத்து ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் தேடத்தான் உதவும். அங்கே அதைச் சுருக்கிவிடலாம்.

விளக்கம் மூன்றாவதாக, ஆங்கிலத்தில். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தாது வருஷம் 1936 ஏப்ரலில் பிறந்தது. உடனே ‘1936’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தை மாதம் வரும்போது ஆங்கில ஆண்டு மாறிவிடும், ஆக இது 1937 ஜனவரி. தை 12 என்பது 24-ஆ 25-ஆ என்ற ஐயத்தைக் கிழமை தீர்க்கிறது. 1937 ஜனவரி 25 திங்கட்கிழமை. 60 ஆண்டுச் சுழற்சி என்பதால் அதே தாது 1876-லும் பிறந்தது, 1996-லும் பிறந்தது. முத்திரைத் தாளைப் பார்த்துத்தான் 1937 என்று உறுதி செய்தேன்.

௰௨ என்பதை ‘யஉ’ என்று படித்தவர்கள் உண்டு. பழைய எண்களில் ௧ க மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். எழுத்தென்று படித்து அர்த்தம் வரவில்லையென்றால் எண்ணாகப் படித்துப் பாருங்கள்.

நிலம் ‘நஞ்சை ௨ மா ௩௰ குழி’. நூறு குழி ஒரு மா என்பதால் 230 குழி. ஆங்கிலப் பதிலிலும் மா, குழி என்றே விட்டேன். குழி அளக்கும் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. அதை நாமாக ஏக்கராக்கி எழுதினால் அவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவார். இன்றைய அளவு வேண்டுமென்றால் சர்வே எண்ணை வைத்துப் பட்டாவில் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மதுரை வாசகர்: தமிழ்ப் பத்திரத்தைப் பற்றிய கேள்வி. தமிழில் பதில் சொன்னால்தானே முறை? ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லியே அவர்களைப் படிக்க விடாமல் செய்கிறோம்.

உங்கள் ஆதங்கம் வேறு, அவர் கேட்டது வேறு அண்ணே. அவர் தமிழ் கற்க வரவில்லை, தேதி கேட்டு வந்தார். மூல வரியைத் தமிழில் வைத்ததால் தமிழ் எங்கும் போய்விடவில்லை.

சிங்கப்பூர் வாசகர்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேட்ட மொழியிலேயே பதில். முடிந்தது.

பாதி சரி. இன்று காலை வந்த இன்னொரு ஆங்கிலக் கேள்வியைப் பாருங்கள்: ‘அதை பார்த்தேன்’ சரியா, ‘அதைப் பார்த்தேன்’ சரியா? கேட்டவர் ஒரு தமிழ் மலருக்கு மெய்ப்புப் பார்க்கிறார். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு இல்லாததால் ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டாம் வேற்றுமை உருபான ஐ வெளிப்படையாக வந்தால் பின்னால் வல்லினம் மிகும், எனவே ‘அதைப் பார்த்தேன்’ என்று தமிழில்தான் எழுதினேன். ‘மிகும்’ என்பதை ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொல்வதைவிட அவருக்கு இது பழக்கமானது.

கேள்வியின் மொழி ஒரு தடயம் மட்டுமே. பதிலை யார் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே அடித்திருக்கிறாரா, படம் மட்டும் அனுப்பியிருக்கிறாரா என்று கேள்வியிலேயே தெரியும். தெரியவில்லையென்றால் ‘தமிழ் படிக்க வருமா?’ என்று ஒரே வரியில் கேளுங்கள்.

மதுரை வாசகர்: பினாங்குக்காரர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஊருக்குத்தானே வருவார்? கிராம நிர்வாக அலுவலரிடம் ஆங்கிலக் காகிதத்தை நீட்டுவாரா?

இது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் கடைசியில் தனித் தாளாகத் தமிழில் நான்கு வரி இணைத்தேன்: எழுதிய தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், நான்கெல்லை. தனித் தாள் என்பது முக்கியம். ஒரு பத்தியில் இரண்டு மொழியையும் கலக்காதீர்கள். எது பத்திரத்தின் சொல், எது உங்கள் விளக்கம் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

சிங்கப்பூர் வாசகர்: அப்படியானால் முழுப் பத்திரத்தையும் தமிழில் பெயர்த்து முதலில் வைக்கலாமே?

அவர் கேட்ட வரிகளை மட்டும் நான் மேலே வைப்பேன், முழுப்படியைக் கடைசியில். முழுப்படி மேலேதான் வேண்டும் என்று என்னோடு வேலை செய்கிறவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். எங்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

திருச்சி வாசகி: லண்டனில் இருக்கும் என் மகனுக்கு விசா விஷயமாகத் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் போட வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி தமிழ் வரிகளையும் மேலே எழுதட்டுமா?

வேண்டாம் அம்மா. அது விளக்கம் இல்லை, மொழிபெயர்ப்பு. படிக்கப்போகிறவர் அதிகாரி. முத்திரை, கையெழுத்து இருக்குமிடம் உட்பட எல்லாம் ஆங்கிலத்தில் வர வேண்டும், மூலத்தின் நகலைத் தனியே இணைக்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டு கடவுச்சீட்டில் உள்ளபடி.

கோவை வாசகர்: பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடி. இல்லையென்றால் குடும்பத்தார் எழுதுகிறபடி.

ஈரோடு வாசகர்: சண்முகம் என்பதை ஆங்கிலத்தில் எப்படி?

மேலே பாருங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: எங்களிடம் இதை உறுதி என்போம். பதிலில் பத்திரம் என்று போட்டால் எங்கள் ஆட்கள் குழம்புவார்கள்.

போடக் கூடாது. தாளில் ‘உறுதி’ என்று இருந்தால் தமிழ்த் தாளிலும் உறுதிதான். பரப்பு, லாச்சம் என்று வந்தாலும் அப்படியே. அந்த அளவுகள் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, உங்கள் பக்கத்து நொத்தாரிசு ஒருவரிடம் காட்டுங்கள்.

சேலம் வாசகர்: ௵, ௸ எல்லாம் என் திரையில் கட்டமாகத் தெரிகிறது.

எழுத்துருப் பிரச்சினை. Noto Sans Tamil போடுங்கள். ௸ என்பது மேற்படி. ‘௸யார்’ என்று இருந்தால் மேற்படியார். ஆங்கிலப் பதிலில் அங்கே யாரைக் குறிக்கிறதோ அவர் பெயரை எழுதிவிடுங்கள். மூன்று பேர் பெயர் முன்னால் வந்திருந்தால் எந்த மேற்படியார் என்று நீங்களே முடிவு செய்யாமல், யாரையும் குறிக்கலாம் என்று குறியுங்கள்.

மதுரை வாசகர்: எல்லாம் சரி. அந்தத் தமிழ்த் தாளை முதல் பக்கமாக வைத்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

வையுங்கள் அண்ணே, நீங்கள் எழுதும் பதிலில். அவர் படிக்கக்கூடிய பக்கம் இரண்டாவது என்று முதல் பக்கத்தின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் போட்டுவிடுங்கள்.

ஓசூர் வாசகர்: பெயர்களை ஆங்கிலத்தில்...

கோவை வாசகருக்குச் சொன்ன பதில்தான்.