முன்பு முடித்த சுற்றுகளை மறுபடி எழுத வேண்டுமா?

"நாலு மாதம் முன்பு இதே கம்பெனியில் வேறு டீமுக்கு இன்டர்வியூ கொடுத்தேன். இரண்டு கோடிங் சுற்றும் நன்றாகப் போயின, கடைசியில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இப்போது இன்னொரு டீம் கூப்பிடுகிறது. பழைய சுற்றுகளை விட்டுவிடச் சொல்லி ரெக்ரூட்டரிடம் கேட்கலாமா?"

தாராளமாகக் கேளுங்கள், ஆனால் முதல் போனிலேயே கேளுங்கள். தேதி குறித்து ஆட்களைப் பிடித்த பிறகு மாற்றுவது அவருக்குச் சிரமம்.

பெரும்பாலான கம்பெனிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்டர்வியூ எடுத்தவர் எழுதிய கருத்தும் மதிப்பீடும் பதிவாகியிருக்கும். முடிவு அதை வைத்துத்தான், நன்றாகப் போனதாக நமக்குத் தோன்றியதை வைத்து அல்ல. அதனால் இப்படி எழுதலாம்:

"மார்ச்சில் இதே லெவலுக்கு இரண்டு கோடிங் சுற்றுகள் முடித்தேன். அந்தக் கருத்துகள் இந்த டீமுக்கும் செல்லுமா என்று மேனேஜரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

மேனேஜர் பெயரை இழுப்பது முக்கியம், ஏனென்றால் ரெக்ரூட்டர் தனியாக முடிவெடுப்பது அரிது. பொதுவான கோடிங் சுற்றுக்கு விலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. லெவல் மாறினால் சிஸ்டம் டிசைன் சுற்று பெரும்பாலும் திரும்ப வரும். புது மேனேஜரோடு பேசும் சுற்றை யாரும் விடமாட்டார்கள், அதைக் கேட்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "கருத்துகள் கலவையாக இருந்தன" என்று பதில் வந்தால் விலக்கை வற்புறுத்தாதீர்கள். அரைகுறை மதிப்பெண்ணோடு போவதைவிட மறுபடி எழுதுவது உங்களுக்குத்தான் நல்லது.