கணக்காளர் காட்டும் இலாபமும் கடைக்காரரின் இலாபமும்

*ஐயா, உப்புவெளியில் வீட்டு முன்பக்கத்தைச் சாப்பாட்டுக்கடையாக்கி நடத்துகிறேன். முந்தி ஹோட்டலொன்றில் ஸ்டோர் கீப்பராக 85,000 ரூபாய் சம்பளம். அதை விட்டு, 8 வீத வட்டியில் வைப்பிலிருந்த 20 இலட்சத்தையும் கடையில் போட்டேன். மனைவி மாசம் 20,000 வந்த டியூஷனை நிறுத்திவிட்டுச் சமையலில் நிற்கிறா. போன வருசம் 15 இலட்சம் இலாபம் என்று கணக்காளர் எழுதித் தந்தார். இப்போது பழைய முதலாளி திரும்ப வரச்சொல்லிக் கேட்கிறார். இலாபம் வரும் கடையை விடுவது மடத்தனமா? – வாசகர், உப்புவெளி*

கணக்காளரில் பிழையில்லை. மீன், அரிசி, கேஸ், கரண்ட், பொடியன்மாருக்குக் கொடுத்த சம்பளம் என்று கைவிட்டுப் போன காசை விற்பனையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 15 இலட்சம். தனியாள் வியாபாரத்தில் முதலாளி எடுக்கும் காசு எடுப்பனவு. அது செலவுக்குள் வராது. இறைவரித் திணைக்களத்துக்கும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். ஆனால் கடையை வைத்திருப்பதா விடுவதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்கு, கடைக்காக நீங்கள் கைவிட்ட வருமானங்களையும் கழிக்கவேண்டும். கழித்தபின் மிஞ்சுவதுதான் பொருளியல் இலாபம்.

முதலில் உங்கள் நேரம். 85,000 வீதம் வருசத்துக்கு 10,20,000. அதற்குமேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி போட்டிருப்பார். வேலையை விட்டவர்கள் அநேகமாக மறப்பது இதைத்தான். அது 1,53,000. ஆக 11,73,000.

மனைவியின் நேரத்துக்கு, சமையல்காரர் ஒருவருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று பார்க்கத் தேவையில்லை. அவ கைவிட்டது டியூஷன். எனவே அவவின் நேரத்துக்கு 2,40,000 போடுகிறேன். சமையல்காரர் சம்பளம் வேறொரு கேள்விக்கு உதவும்: அவ நாளைக்கு வகுப்புக்குத் திரும்பினால் கடை நிற்குமா? அதையும் ஒருக்கால் பாருங்கள். வீட்டு முன்பக்கத்துக்கும் வாடகை உண்டு. கடற்கரைப் பக்கம் அப்படியோர் இடம் மாசம் 25,000-க்குப் போகும் என்று வைத்தால் 3,00,000. அக்கம்பக்கத்தில் விசாரித்து உண்மைத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் போட்ட மூலதனத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 20 இலட்சத்துக்கு 8 வீதம் 1,60,000 என்று உடனே எழுதிவிடுவீர்கள். கடை தொடங்குமுன் அது சரியான கணக்கு. இன்றைக்குச் சரியல்ல. தரைக்குப் பதித்த மாபிளும் தட்டிக் கட்டிய சுவரும் திரும்பக் காசாகாது; கடையை மூடினாலும் மூடாவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். இன்று விற்றால் வருவது ஃப்ரிட்ஜ், அடுப்பு, மேசை கதிரை, கையிலுள்ள சாமான் ஆகியவற்றின் விலை மட்டுமே. அது 9 இலட்சம் என்று வைப்போம். அப்படியானால் இன்று நீங்கள் இழக்கும் வட்டி 72,000 தான். உண்மையில் வைப்பு வட்டி ஆகக் குறைந்த அளவு. மே முதல் செப்டெம்பர் வரை வரும் வெள்ளைக்காரரை நம்பி நிற்கும் கடைக்கு நான் இன்னும் கூடக் கேட்பேன். வங்கிக் கடனும் இருந்தால் அதன் வட்டி ஏற்கெனவே செலவில் ஏறியிருக்கும். அதை இங்கே மறுபடி சேர்க்கக்கூடாது.

எல்லாம் கூட்டினால் 17,85,000. 15 இலட்சத்திலிருந்து கழித்தால் 2,85,000 குறைகிறது. கையில் காசுத் தட்டுப்பாடு இல்லாமலே வரும் நட்டம் இது. வீட்டுச் செலவு ஓடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஹோட்டலில் ஷிஃப்ட் முடிந்தால் வீடு. கடையில் இராத்திரி கடைசிப் பிளேட் கழுவும்வரை நிற்கிறீர்கள். அந்த மேலதிக மணித்தியாலங்களுக்கு நான் ஒரு சதமும் போடவில்லை.

எனவே விடுவது மடத்தனமல்ல. அதற்காக இன்றைக்கே ஷட்டரை இறக்கவும் சொல்லமாட்டேன். சொந்தக்காலில் நிற்கும் திருப்திக்கு மாசம் கிட்டத்தட்ட 24,000 கொடுக்கிறீர்கள். அது உங்களுக்குப் பெறுமதி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் மனைவிக்கும் அது பெறுமதிதானா என்று அவவிடம் கேளுங்கள், அவவின் டியூஷனும் அதற்குள் இருக்கிறது.

பழைய முதலாளியிடம் போகும்போது 85,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இன்று அவர் எழுத்தில் தரும் சம்பளம்தான் உங்கள் நேரத்தின் விலை. மற்ற எண்கள் இப்படியே இருந்தால், சேமலாப நிதி நீங்கலாக 64,000-ஐ ஒட்டிய சம்பளத்தில் இரண்டும் சமன். அதற்குக் கீழே சொன்னாரென்றால் கடையிலேயே இருங்கள்.