பெட்டி மேல் ஒரு குறள்

அன்புள்ள ஐயா,

மடிப்பாக்கத்தில் வீட்டிலேயே தேங்காய் பர்பியும் ராகி பிஸ்கட்டும் செய்து விற்கிறேன். முதல்முறை வாங்குபவர்களின் பெட்டியில் ஒட்ட ஒரு வாழ்த்துப்பா எழுதினேன்:

அன்பெனும் சர்க்கரையில் ஆசையெனும் நெய்யூற்றி
இன்பமாய்ச் செய்த இனிப்பிது உண்டு மகிழ்ந்து
மீண்டும் மீண்டும் வாருங்கள்

ஏதோ குறைகிறது. திருத்தித் தர முடியுமா?

சுமதி

அன்புள்ள சுமதி,

இரண்டு வரி வரை ஓசை ஓரளவு வந்திருக்கிறது. ஆனால் அன்புச் சர்க்கரையும் ஆசை நெய்யும் எல்லாக் கடைப் பெட்டியிலும் இருக்கின்றன. இன்னொரு கடைக்காரர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டாலும் பொருந்திவிடும். மூன்றாவது வரியில் நீங்கள் அடுத்த ஆர்டரைக் கேட்கிறீர்கள். முதல் துண்டை வாயில் போடும் முன்பே அதைக் கேட்பது, பந்தியில் உட்கார வைத்ததுமே மொய் நோட்டை நீட்டுவது போல இருக்கிறது.

மூன்று வரி வேண்டாம், குறள் வெண்பா போதும். ஏழே சீர்: முதலடியில் நான்கு, இரண்டாவதில் மூன்று. மூடியைத் திறக்கும் நேரத்தில் படித்துவிடலாம். அதற்குள் வைக்க உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்றைத் தேடினேன். வாங்குபவர் முகம் உங்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், டெலிவரிக்கு ஒரு முகவரி, அவ்வளவுதான். அடுப்படியில் நீங்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் ‘பதம்’. பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததா என்று விரலில் தொட்டுப் பார்ப்பீர்கள். தமிழில் பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டு. இந்த இரட்டைப் பொருள் உங்கள் தொழிலிலேயே கிடக்கிறது.

முதலில் இப்படி எழுதினேன்: ‘முதல்முறை கேட்டீர் நாங்கள் முகமறியோம்’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘கேட்டீர் நாங்கள்’ என்ற இடத்தில் நடை தட்டும். ‘கேட்டீர்’ என்பதை அசை பிரித்தால் ‘கேட்’, ‘டீர்’, இரண்டும் நேரசை. நேர் நேர் என்றால் தேமா, மாச்சீர். வெண்பாவில் மாவுக்கு அடுத்த சீர், குறிலில் தொடங்கும் இரண்டெழுத்து அசையான நிரையில் தொடங்க வேண்டும். ‘நாங்கள்’ நேரில் தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டு ‘முகமறியோம்’ வைத்தால் ‘முக’ நிரை, சீரோடு சீர் இணையும் தளை சரியாகிவிடும். முகமறியோம் மூன்றசைக் காய்ச்சீர், அடுத்தது நேரில் தொடங்க வேண்டும், ‘நாவில்’ வந்தது. அதுவும் மா என்பதால் அடுத்த அடி நிரையில் தொடங்கியாக வேண்டும், ‘முதல்’ என்பதற்கு எதுகையாக இரண்டாம் எழுத்து ‘த’வாகவும் இருக்க வேண்டும். பதம் தானாக வந்து உட்கார்ந்தது.

முதல்முறை கேட்டீர் முகமறியோம் நாவில்
பதமறிந்து பேசும் இனிப்பு

கடைசிச் சீர் ‘இனிப்பு’, பிறப்பு என்னும் வாய்பாடு. ஈற்றுச் சீருக்கு உரிய நான்கில் ஒன்று அது. வாழ்த்துச் சொல் வேண்டும் என்று தோன்றினால் குறளுக்கு மேல் சின்ன எழுத்தில் ‘நல்வரவு’ என்று போட்டுக்கொள்ளுங்கள். குறளுக்குள் திணிக்க வேண்டாம்.

இனி அச்சு. வட்ட லேபிள் வேண்டாம். முதலடி நீளம், வட்டத்தில் அது மூன்றாக உடையும், முதல்–பதம் எதுகை கண்ணுக்கே தெரியாமல் போகும். நாலு அங்குல அகலப் பட்டையாக மூடியில் ஒட்டினால் இரண்டு அடியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பொருட்களின் பட்டியல், தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பச்சைக் குறி எல்லாம் வேறு லேபிளில் இருக்கட்டும். என்றைக்காவது முட்டை போட்ட கேக்கும் செய்தால் அதற்குப் பச்சை கூடாது, பழுப்பு முக்கோணம்தான். அந்தப் பெட்டிகளைக் கலந்துவிடாதீர்கள்.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பல இடங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். யூனிகோடில் வந்ததை ஒட்டும்போது கொம்பு பிய்ந்து எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கேட்டீர்’, ‘முகமறியோம்’, ‘பேசும்’ இந்த மூன்றையும் மாதிரித் தாளில் விரல் வைத்துப் பாருங்கள். ‘யோ’ ஒழுங்காக வந்திருந்தால் பெரும்பாலும் மற்றவையும் வந்திருக்கும். தங்கக் கலரில் அடிக்கும் ஆசை இருந்தால் புள்ளிகளையும் பாருங்கள். என் தங்கை மகள் வளைகாப்புக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் இருநூறு லேபிள் அடித்தோம். மினுமினுப்பில் புள்ளி அடைபட்டு ‘வளைகாபபு’ என்று வந்தது. அன்று ராத்திரி முழுக்க நானும் மாப்பிள்ளையும் கறுப்புப் பேனாவால் புள்ளி வைத்தோம்.

இன்னொன்று. ஒருவர் பத்துப் பெட்டி வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தால், பெறுபவர் எதையும் ‘கேட்டீர்’ அல்ல. அந்தப் பத்தில் இதை ஒட்டாமல், வாங்கியவர் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பெட்டியில் மட்டும் ஒட்டுங்கள்.