காமாலை: படம் சொல்வதும் சொல்லாததும்

செங்கோட்டையில் நெடுநாள் பொது மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.

"வீட்டுக்காரருக்குப் புனலூரில் வேலை. ராத்திரி எடுத்த படத்தில் கண்ணும் முகமும் மஞ்சளா இருக்கு. காமாலையா? எத்தனை பாயிண்ட் இருக்கும்?"

அம்மா, பின்னால் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டியும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அது குண்டு பல்பின் நிறம். நாளை காலை வெயில் வெளிச்சத்தில் அவரைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையைத் தூக்கி யாராவது வெள்ளை விழியைப் பார்க்கட்டும். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 3 பாயிண்டை நெருங்கும்போதுதான் கண்ணில் பொதுவாகத் தெரியும். அதற்குக் கீழே இருந்தால் கண் வெளுப்பாகவே இருக்கலாம். பாயிண்டை ரத்தம்தான் சொல்லும், படம் சொல்லாது. சிறுநீர், மலத்தின் நிறத்தையும் கேளுங்கள்.

"என் உள்ளங்கை மஞ்சள், கண் வெள்ளை. தினமும் காரட் ஜூஸ் குடிக்கிறேன்."

ஜூஸை நிறுத்துங்கள். காரட் நிறம் தோலில் படியும், கண்ணில் ஏறாது.

"படமும் டெஸ்ட்டும் எதுக்கு? கீழாநெல்லியை அரைச்சு மோரில் குடிச்சேன், பத்து வருஷம் முன்னாடியே சரியாச்சு."

அண்ணாச்சி, உங்களுக்கு வந்தது தண்ணீர் வழி பரவும் ஹெபடைடிஸ் ஏ-யாக இருந்திருந்தால், மோர் மட்டும் குடித்திருந்தாலும் சில வாரத்தில் போயிருக்கும். பித்தநாளத்தில் அடைத்த கல் இலைக்குக் கரையாது.

"கல்லுன்னா வலிக்குமே டாக்டர்! வலி இல்லேன்னா வைரஸ்தான். நான் ஆரியங்காவில் நர்ஸ்."

பாதி சரி சிஸ்டர். கல் பெரும்பாலும் வலிக்கும். ஆனால் வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறும் காமாலையைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம். கணையத்தின் தலையில் கட்டி அப்படித்தான் வரும்.

"அப்போ மூலிகையே வேஸ்ட்டுன்னு சொல்றீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை அண்ணாச்சி. காரணம் தெரியாமல் பத்து நாள் காத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

"என் படத்தையும் பாருங்க சார்."

முதல் பதிலைப் படியுங்கள்.

"டாக்டர், புனலூர்க்காரர் வீட்டம்மாதான். காலையில் பார்த்தாச்சு, கண் நல்ல மஞ்சள். சிறுநீர் கட்டன்சாயா மாதிரி, மலம் சுண்ணாம்பு நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. இப்போ குளிர்காய்ச்சலும் இருக்கு."

பித்தம் குடலுக்கு இறங்கவில்லை, அதனால்தான் மலம் வெளுத்தது. காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அடைபட்ட நாளத்தில் கிருமி புகுந்திருக்கலாம். ஊருக்கு வரச் சொல்லாதீர்கள். அங்கேயே ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகட்டும். பிலிருபினை மொத்தம், நேரடி என்று பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். நேரடி பெரும்பங்கானால் என் சந்தேகம் வலுக்கும், ஆனால் கல்லா கட்டியா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

"பிறந்து இருபது மணி நேரமான பேத்திக்கு முகம் மஞ்சள். வெயிலில் காட்டலாமா?"

கூடாது. முதல் நாளிலேயே வரும் மஞ்சள் சாதாரணமல்ல. படம் அனுப்பாதீர்கள், குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

"சார், ஸ்கேனில் கல்லுன்னு சொல்லிட்டாங்க. எண்டோஸ்கோப்பி போட்டு எடுப்பாங்களாம். கீழாநெல்லி குடிச்சுட்டுப் போகலாமான்னு அவர் கேக்கிறார்."

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பார்கள் அம்மா. தண்ணீர்கூட அவர்களைக் கேட்காமல் வேண்டாம்.